Count என்று வந்ததை Sum ஆக்கினோம்: ஈரோட்டு லுங்கிக் கடையின் பிவட் டேபிள் கணக்கு

## பின்னணி

சிறு வியாபாரிகளுக்கு எக்செல் சொல்லித் தருவது என் வேலை. கடந்த ஜூன் மாதம் ஈரோட்டில் ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். 22 பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் ஜவுளி, கொஞ்சம் மஞ்சள், ஒன்றிரண்டு ஹார்டுவேர் கடைக்காரர்கள். வகுப்பில் காட்டியது வீட்டுக்குப் போனால் மறந்துவிடும் என்பதால், நீளமான கணக்கை ஊர்வாரி, சரக்குவாரி என்று கூட்டிச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிளைச் சட்டென்று போடும் வழியை ஆறு சின்ன ஸ்லைடுகளாகச் செய்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். போனில் பார்த்தாலே படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக்கு மேல் வைக்கவில்லை.

ஸ்லைடுகள் இப்படி இருந்தன. முதலாவதில், தலைப்புகள் ஒரே வரியில் இருக்கட்டும், நடுவில் காலி வரி வேண்டாம் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் குறுக்குவழி: கணக்குக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு Alt, N, V என்று ஒவ்வொன்றாக அழுத்தி Enter. (சில பதிப்புகளில் V-க்குப் பிறகு T-யும் அழுத்த வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பிடித்து அழுத்தக் கூடாது, ஒன்றிலிருந்து விரலை எடுத்த பிறகு அடுத்தது.) மூன்றாவதில் 'ஊர்' என்ற தலைப்பை Rows பெட்டிக்கு இழுப்பது, நான்காவதில் 'தொகை'யை Values பெட்டிக்கு இழுப்பது. ஐந்தாவது ஸ்லைடுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதில் இருந்த வாசகம் இது:

"Count of தொகை என்று வந்தால் கவலை வேண்டாம். வலது கிளிக், Summarize Values By, Sum."

ஆறாவது, பெரிய தொகை மேலே வரும்படி அடுக்குவது. அவ்வளவுதான்.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் லுங்கி, துண்டு, போர்வை மொத்த வியாபாரம் செய்கிறார். கடையில் பில்லிங் மென்பொருள் இருக்கிறது. குடோனிலிருந்து லாரி பார்சலில் வெளியூர் போகும் சரக்குக்குக் கை பில். அந்தக் கை பில்களை ஒரு லேப்டாப்பில் எக்செல்லில் ஏற்றுகிறார்கள். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் போகும் லைனை முதலாளியின் தாய்மாமனே பார்த்துக்கொள்கிறார். மற்ற லைன்களைக் குடோனில் ஒரு பையன் ஏற்றுகிறான். மாதக் கடைசியில் கடை பில்களை மென்பொருளிலிருந்து எடுத்து, அதன் கீழே குடோன் வரிகளை ஒட்டி, ஒரே ஷீட் ஆக்குவது முதலாளியின் வழக்கம்.

ஷீட்டில் ஏழு பத்திகள்: தேதி, பில் எண், வாடிக்கையாளர், ஊர், சரக்கு, எண்ணிக்கை, தொகை. ஜிஎஸ்டி சேர்க்காத தொகை. ஒரு பில்லில் மூன்று சரக்கு இருந்தால் மூன்று வரி. ஏப்ரல் முதல் ஜூன் வரை 1,148 வரிகள். எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்று பார்க்க, அதுவரை நோட்டும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் உட்காருவாராம்.

## ஜூலை முதல் வாரம்: பிவட் போட்டதும் எடுத்த முடிவும்

ஸ்லைடுகளைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, படி மாறாமல் செய்திருக்கிறார். 'தொகை'யை இழுத்ததும் Count of தொகை என்று வந்தது. ஈரோடு என்ற வரிக்கு எதிரே லட்சக்கணக்கில் ரூபாய் வரும் என்று பார்த்தால், வரிகளின் எண்ணிக்கைதான் 214 என்று நின்றது. ஐந்தாவது ஸ்லைடில் கவலை வேண்டாம் என்று இருந்ததால் கவலைப்படவில்லை. வலது கிளிக் செய்து Sum ஆக்கினார். தொகைகள் வந்தன. மொத்தம் 41,36,250 ரூபாய். பார்த்தால் நியாயமான தொகையாகத்தான் தெரிந்தது, அதனால் அதைத் தாண்டி யோசிக்கவில்லை.

அடுக்கிப் பார்த்தபோது கோவில்பட்டி பட்டியலின் அடியில் இருந்தது: 38,400 ரூபாய். ஜனவரி முதல் மார்ச் வரைக்கான நோட்டுக் கணக்கில் அதே ஊர் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அங்கே இவரிடம் வாங்குபவர்கள் மூன்று கடைக்காரர்கள். வேறு இடத்தில் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், நம்மிடம் பேருக்கு வாங்குகிறார்கள் என்று முடிவு செய்தார். மறுநாளே இரண்டு காரியம் செய்தார். 45 நாளாக இருந்த கடன் கெடுவை அந்த மூவருக்கும் 15 நாளாகக் குறைத்தார். கட்டி வைத்திருந்த இரண்டு பண்டலைப் பழைய பாக்கி வந்த பிறகு அனுப்பலாம் என்று நிறுத்தச் சொன்னார்.

கையில் இருந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அது தவறான முடிவு இல்லை. மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த ஊருக்கு யாரும் அதைத்தான் செய்வார்கள். தாய்மாமன் மட்டும், "கோவில்பட்டிக்கு நான்தானப்பா வாரா வாரம் பார்சல் போடறேன், எப்படிக் குறையும்?" என்று கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்று சொல்லி அதை மேலே பேசவில்லை. பார்சலைக் கையால் கட்டி அனுப்புகிறவரின் அந்தக் கேள்விக்குத்தான் அன்றைக்கே பதில் தேடியிருக்க வேண்டும்.

## இரண்டு வாரம் கழித்து

கோவில்பட்டிக் கடைக்காரர்களில் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, நாங்க என்ன பாக்கி வச்சுட்டோம்? போன மாசம் மட்டும் நாலு பண்டல் எடுத்திருக்கேன். திடீர்னு பதினஞ்சு நாள்னா எப்படி?" என்று கேட்டார். நாலு பண்டல் என்ற வார்த்தைதான் முதலாளியை உலுக்கியது. நாலு பண்டல் லுங்கியின் விலையே அவர் பார்த்த 38,400-க்குப் பக்கத்தில் வந்துவிடும், அதுவும் ஒரே கடை, ஒரே மாதம்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க சொன்ன மாதிரிதானுங்க போட்டேன். கோவில்பட்டி மட்டும் இடிக்குதுங்க" என்றார். மறுநாள் கடைக்குப் போனேன்.

## என்ன பார்த்தோம்

பிவட்டில் கோவில்பட்டிக்கு எதிரே இருந்த 38,400 என்ற கட்டத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்தேன். அப்படிச் செய்தால் அந்த ஊருக்குரிய வரிகளை மட்டும் எடுத்து எக்செல் புது ஷீட்டில் வைக்கும். பிவட்டில் ஒரு எண் சந்தேகமாக இருந்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

31 வரிகள் வந்தன. 'தொகை' பத்தியைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. 12 தொகைகள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றன. 19 தொகைகள் இடது ஓரத்தில் நின்றன. எக்செல் எண்ணை வலது பக்கமும் எழுத்தை இடது பக்கமும் வைக்கும். இடது ஓரத்தில் நின்றவை எல்லாம் "4,850/-", "3,200/-" என்று இருந்தன.

தாய்மாமன் நாற்பது வருடமாகக் கை பில் எழுதுகிறவர். தொகைக்குப் பின்னால் /- போடாமல் அவர் எழுதவே மாட்டார். பேப்பரில் அது அவசியமான பழக்கம், பின்னால் யாரும் இன்னொரு எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. லேப்டாப்பிலும் அப்படியே தட்டியிருக்கிறார். நம் கண்ணுக்கு அது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். எக்செல்லுக்கோ அது 'கோவில்பட்டி' என்பதைப் போல ஓர் எழுத்துச் சரம். எழுத்தைக் கூட்ட முடியாது என்பதால் அதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டுகிறது. பிழை என்று எதுவும் காட்டாது. இரண்டு கட்டங்களை + போட்டுக் கூட்டியிருந்தால் #VALUE! என்று கத்தியிருக்கும். Sum அப்படிக் கத்தாது, சும்மா தாண்டிப் போய்விடும்.

முதலாளி ஏன் இதை மூல ஷீட்டில் பார்க்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று மொத்த ஷீட்டையும் நடுவில் வருமாறு வைத்திருந்தார். வலது, இடது என்ற அடையாளமே அதில் அழிந்துபோயிருந்தது. இரட்டைக் கிளிக்கில் வந்த புது ஷீட்டுக்கு அந்த ஒப்பனை வராததால்தான் இரண்டு ஓரங்களும் தெரிந்தன. எண்ணை எழுத்தாக வைத்திருந்தால் எக்செல் சில சமயம் கட்டத்தின் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் காட்டும். "4,850/-" என்பதை அது எண்ணாகவே சந்தேகிப்பதில்லை, அதனால் முக்கோணமும் வரவில்லை.

அப்புறம் மொத்த ஷீட்டில் இப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணினோம். COUNTA காலியாக இல்லாத கட்டங்களை எல்லாம் எண்ணும், COUNT எண்களை மட்டும் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேடுவது.

```
=COUNTA(G2:G1149)-COUNT(G2:G1149)
```

63 என்று வந்தது. 1,148 வரிகளில் 1,085 மட்டுமே கூட்டலில் சேர்ந்திருந்தன. 63-ம் சிதறிக் கிடக்கவில்லை, பெரும்பாலும் மாமா பார்க்கும் மூன்று ஊர்களிலேயே இருந்தன. அதனால்தான் மொத்தத் தொகையில் கண்ணை உறுத்தாத ஒரு குறைவு, கோவில்பட்டி என்ற ஒரு வரியில் பெரும் பள்ளமாகிவிட்டது. கோவில்பட்டிக்குக் கணக்கில் வந்த 12 வரிகளும் அவர்கள் ஈரோடு வந்து கடையிலேயே வாங்கியவை, மென்பொருளில் போட்ட பில்கள்.

## என் ஸ்லைடில் இருந்த தவறு

'தொகை'யை இழுத்ததும் எக்செல் ஏன் Count என்று காட்டியது? ஒரு பத்தி முழுக்க எண்ணாக இருந்தால் பிவட் தானாகவே Sum போடும். எண் அல்லாத ஒரே ஒரு கட்டம் இருந்தாலும் Count-க்குப் போய்விடும். அதாவது, அந்தப் பத்தியில் கோளாறு இருக்கிறது என்பதற்கு பிவட் தரும் ஒரே அறிகுறி அந்த Count. அன்று சாயங்காலம் அது சரியாகவே வந்தது. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொன்னது என் ஐந்தாவது ஸ்லைடு.

அந்த வரியை ஏன் எழுதினேன் என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பில் பலர் கணக்குக்குள் நிற்காமல் A முதல் G வரை முழுப் பத்திகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு பிவட் போடுவார்கள். பழைய பதிப்புகளில், கீழே உள்ள காலிக் கட்டங்களைப் பார்த்தும் எக்செல் Count போடும். அந்த இடத்தில் Sum ஆக்கினால் விடை சரியாகவே வரும், காலிக் கட்டத்தில் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. வகுப்பில் நான் கொடுக்கும் மாதிரிக் கோப்பும் சுத்தமானது. அதனால் வருடக்கணக்கில் அந்தக் குறிப்பு எனக்குத் தவறாகத் தெரியவில்லை. வகுப்பறையில் சரியாக இருந்த ஒன்றை, நிஜக் கணக்கு என்ன நிலையில் இருக்கும் என்று பாராமல் ஸ்லைடில் ஏற்றிவிட்டேன்.

இன்னொன்றையும் அங்கே முதலாளிக்குச் செய்து காட்டினேன். ஒருமுறை Sum ஆக்கிவிட்டால், பிறகு எத்தனை எழுத்துத் தொகை புதிதாக வந்தாலும் அது திரும்ப Count ஆகாது. முதல் தடவை வரும் அறிகுறிதான், அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது அதுவும் கிடையாது.

## அங்கேயே செய்தவை

முதலில் Ctrl+H. Find what பெட்டியில் /- என்று தட்டி, Replace with பெட்டியைக் காலியாக விட்டு, 'தொகை' பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து Replace All. 58 மாறின. மாற்றியதும் எக்செல் அந்தக் கட்டங்களைப் புதிதாகப் படித்து எண்ணாக எடுத்துக்கொள்ளும். (கட்டத்தின் வடிவம் Text என்று இருந்தால் எடுத்துக்கொள்ளாது. இங்கே General என்று இருந்தது.) சோதனைக் கட்டம் 63-லிருந்து 5-க்கு இறங்கியது. நாலு இடத்தில் "ரூ.2,400" என்பது போல முன்னால் ரூ. இருந்தது, அதையும் அப்படியே எடுத்தோம். மீதி ஒன்று. நடுவில் வைத்த ஒப்பனையை நீக்கியதும் இடது ஓரத்தில் தனியாக நின்றது: "2,1OO". பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து O. அதைக் கையால் திருத்தினோம். சோதனைக் கட்டம் 0 காட்டியது.

பிவட்டுக்குள் நின்று Alt+F5 அழுத்திப் புதுப்பித்தோம். கோவில்பட்டி 1,09,750 ஆனது. மொத்தம் 43,78,900.

மொத்தம் சரிதானா என்பதை அதே ஷீட்டை வைத்துச் சொல்ல முடியாது, வெளியிலிருந்து ஓர் எண் வேண்டும். இவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர், அந்தக் காலாண்டின் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 ஜூலை 13-க்குள் போயிருந்தது. ஆடிட்டர் ஆபீசில் அதைப் பில் நகல்களை வைத்துத் தனியாகக் கூட்டுகிறார்கள். போன் செய்து வரிக்கு முந்தைய மதிப்பைக் கேட்டோம். 43,78,900 என்றார்கள். அந்தக் காலாண்டில் திரும்பி வந்த சரக்கு இல்லாததால் நேராக ஒப்பிட முடிந்தது. முதலில் வந்த மொத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 2,42,650 ரூபாய். ஊர்வாரி வரிகளைப் படிக்கும் முன் ஆடிட்டர் ஆபீஸ் கூட்டும் தொகையோடு ஒப்பிட்டிருந்தால் இடிப்பது உடனே தெரிந்திருக்கும்.

அடுத்தது, கணக்குக்குள் நின்று Ctrl+T அழுத்தி அதை டேபிள் ஆக்கி, பிவட்டை அதிலிருந்து புதிதாகப் போட்டோம். பழைய பிவட் 1,149-வது வரி வரைதான் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூலை வரிகளைக் கீழே ஒட்டினாலும் அதில் வந்திருக்காது. டேபிள் என்றால் வரி கூடக்கூட அதுவும் நீளும், Alt+F5 மட்டும் மறக்கக் கூடாது. சோதனைச் சூத்திரத்தையும் அதற்கேற்ப மாற்றி, பிவட்டுக்கு மேலேயே, அதே ஷீட்டின் B1 கட்டத்தில் வைத்தோம். Table1 என்பது டேபிளின் பெயர், உங்கள் கோப்பில் வேறு பெயர் வந்திருந்தால் அதைப் போட வேண்டும்.

```
=COUNTA(Table1[தொகை])-COUNT(Table1[தொகை])
```

## மாமாவின் /-

இதில் நான் அதிக நேரம் செலவிட்டது குடோனில்தான். இனிமேல் /- போடாதீர்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தால் ஒரு வாரம் நிற்கும். அவருக்கு /- இல்லாத தொகை முடியாத தொகையாகத் தெரிகிறது. அது கண்ணில் பட வேண்டும், ஆனால் கட்டத்துக்குள் இருக்கக் கூடாது. அவருடைய ஷீட்டில் 'தொகை' பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+1, Number, Custom என்று போய் இந்த வடிவத்தைக் கொடுத்தோம்:

```
#,##0"/-"
```

இப்போது அவர் 4850 என்று தட்டி Enter அடித்தால் 4,850/- என்று தெரியும். உள்ளே இருப்பது வெறும் எண். முதல் தொகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அட, அதுவே போட்டுக்குதே" என்றார். கூடவே Alt, A, V, V அழுத்தி, அந்தப் பத்தியில் Decimal மட்டும் ஏற்கும்படி Data Validation வைத்தோம். பழக்கத்தில் கை தவறி /- தட்டினால் ஏற்காது. வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தத் தடை வேலை செய்யாது, அதனால்தான் B1 சோதனை எப்போதும் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

## பின்விளைவு

முதலாளி அன்றே கோவில்பட்டிக்குப் பேசி 45 நாள் கெடுவைத் திரும்பக் கொடுத்தார், நிறுத்தி வைத்த பண்டல்களை அனுப்பினார். கணக்கில் தவறு, உங்கள் மேல் இல்லை என்று மூவரிடமும் நேராகச் சொன்னார். இருவர் அதோடு விட்டுவிட்டார்கள். போன் செய்தவர் அந்த இடைவெளியில் ஒரு ஆர்டரை வேறு கடையில் கொடுத்திருந்தார். ஆகஸ்டில் திரும்ப வாங்கினார், ஆனால் முன்பு எடுத்ததில் பாதிதான். கெடுவைக் குறைத்த நாளில் நம்பிக்கையில் விழுந்த கீறல் இன்னும் முழுதாக ஆறவில்லை என்றுதான் முதலாளி நினைக்கிறார், எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

வாட்ஸ்அப் குழுவில் பழைய ஐந்தாவது ஸ்லைடு தவறு என்று எழுதி, சோதனைச் சூத்திரத்தைப் போட்டு, எல்லாரும் தங்கள் கோப்பில் பார்க்கச் சொன்னேன். மூன்று பேருக்கு 0 வரவில்லை. ஒருவருடைய கோப்பில் தொகைக்குப் பின்னால் 'கடன்' என்று சேர்த்து எழுதியிருந்தது.

## ஸ்லைடுகளில் மாற்றியவை

இப்போது ஏழு ஸ்லைடுகள். Ctrl+T இரண்டாவதாகவும், COUNTA கழித்தல் COUNT மூன்றாவதாகவும் வருகின்றன. 0 வந்த பிறகுதான் Alt, N, V. Count பற்றிய ஸ்லைடு இருக்கிறது, வாசகம் வேறு: "Count of என்று வந்தால் நிறுத்துங்கள். பத்தியில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்." கடைசி ஸ்லைடில், அடுக்கிப் பார்ப்பதற்கு முன் மொத்தத்தை வெளியே உள்ள ஓர் எண்ணோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன்: ஆடிட்டர் கணக்கு, நாள் கணக்குப் புத்தகம், எது கையில் இருக்கிறதோ அது.

மாதிரிக் கோப்பையும் மாற்றினேன். வேண்டுமென்றே இரண்டு "/-", ஒரு "ரூ.", ஒரு ஆங்கில O வைத்திருக்கிறேன். வகுப்பில் பிவட் போட்டதும் எல்லாருக்கும் Count வருகிறது, அங்கேயே தேட வைக்கிறேன். வகுப்பு அரை மணி நேரம் நீள்கிறது. ஸ்லைடுகளை அனுப்பும் முன் யாராவது ஒருவருடைய நிஜக் கோப்பில் ஓட்டிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன், இதை முதல் தடவையே செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் மாதக் கணக்கை ஒட்டியபோது ஈரோட்டுக் கடையின் B1 கட்டத்தில் 1 வந்திருக்கிறது. பிவட்டைப் படிக்காமல் முதலாளி தேடிப் பார்த்திருக்கிறார். ரத்தான ஒரு பில்லுக்குத் தொகையின் இடத்தில் 'ரத்து' என்று இருந்தது. "இதை அழிச்சுடலாமுங்களா சார்?" என்று கேட்டார். பில் எண் தொடர்ச்சி வேண்டுமே அண்ணா, வரி இருக்கட்டும், தொகையில் 0 போட்டுவிட்டு, 'குறிப்பு' என்று எட்டாவது பத்தி ஒன்று சேர்த்து 'ரத்து' என்பதை அதில் எழுதுங்கள் என்றேன்.